சிறு யூனிட்டின் திட்ட அறிக்கையில் காப்பீடும் அவசர கையிருப்பும்: எவ்வளவு, எந்தக் கணக்கில்?

பலகைப்பட்டறை | மார்ச் 3, காலை

பிளைவுட், எம்டிஎஃப் பலகைகளை அளவுக்கு வெட்டி, ஓரப்பட்டை ஒட்டிக் கொடுக்கும் சிறிய யூனிட் என்னுடையது. கடனை நீட்டிக்கத் திட்ட அறிக்கை கேட்டிருக்கிறார்கள். அதில் "காப்பீடும் அவசர கையிருப்பும்" என்று ஒரு பகுதி வருகிறது. நான் எழுதி வைத்திருப்பது மொத்தம் மூன்று வரி: தீ, திருட்டு, மெஷின் பழுது மூன்றுக்கும் பாலிசி உண்டு, மெஷின்கள் வாங்கிய விலைக்குக் காப்பீடு செய்யப்பட்டுள்ளன, திட்டச் செலவில் 5 சதவீதம் அவசர கையிருப்பு. அதிகாரி படித்துவிட்டு "இந்த 5 எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. எல்லா மாதிரி அறிக்கையிலும் 5 அல்லது 10 என்றுதான் இருக்கிறது. இதை எப்படிக் கணக்கிடுவது?

கணக்குமேசை | மார்ச் 3, மதியம்

5 முதல் 10 சதவீதம் என்பது எல்லோரும் ஏற்கும் வழக்கம்தான். மெஷின், கட்டடம், மின் இணைப்பு எல்லாவற்றையும் கூட்டி அதில் 10 சதவீதம் போடுங்கள், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நான் பார்த்துக் கொடுத்த அறிக்கைகள் எல்லாம் அப்படித்தான் போயிருக்கின்றன.

பழைய சர்வேயர் | மார்ச் 3, இரவு

கணக்குமேசை சொல்லும் 10 சதவீதம் வேறு சமாச்சாரம். அது யூனிட்டை நிறுவும்போது விலை ஏறினாலோ மதிப்பீடு தப்பினாலோ தாங்குவதற்காகத் திட்டச் செலவோடு சேர்க்கும் தொகை. உற்பத்தி தொடங்குவதற்குள் பெரும்பாலும் செலவாகிவிடும். இவர் கேட்பது ஓடிக்கொண்டிருக்கும் யூனிட்டில் விபத்து நடந்தால் எடுக்க வேண்டிய பணம். இரண்டும் ஒரே பெயரில் வருவதால் ஒன்றின் சதவீதத்தை இன்னொன்றில் ஒட்டிவிடுகிறார்கள்.

கையிருப்பை மெஷின் விலையிலிருந்து கணக்கிடவே கூடாது. பாலிசி எதைத் தராது, தருவதை எப்போது தரும் என்ற இரண்டு கேள்விகளிலிருந்துதான் அது வர வேண்டும். அதனால் முதலில் பாலிசியைச் சரிபார்க்க வேண்டும், கையிருப்பு அப்புறம். உங்கள் மூன்று வரியில் எனக்கு உறுத்துவது "வாங்கிய விலைக்கு" என்ற சொல். சிஎன்சி ரவுட்டர் புதிதாக வாங்கியதா, பழையதா? அதே மெஷின் இன்று புதிதாக வாங்கினால் என்ன விலை?

பலகைப்பட்டறை | மார்ச் 4

செகண்ட்ஹேண்டில் 9 லட்சத்துக்கு வாங்கினேன். இன்று புதியது ஏற்றி இறக்கி நிறுவும் செலவோடு 18 லட்சம் ஆகும். 9 லட்சத்துக்குத்தான் மெஷின் பிரேக்டவுன் பாலிசி. போட்ட பணம் 9 என்றால் அதற்குத்தானே காப்பீடு?

பழைய சர்வேயர் | மார்ச் 4, இரவு

இங்கேதான் அடி விழும். மெஷின் பிரேக்டவுன் பாலிசியில் காப்பீட்டுத் தொகை என்பது அதே வகை, அதே திறன் கொண்ட புது மெஷினின் இன்றைய விலை. சரக்குக் கட்டணம், வரி, நிறுவும் செலவு எல்லாம் சேர்த்து. நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள், புத்தக மதிப்பு என்ன என்பதை அது பார்க்காது. 18 இருக்க வேண்டிய இடத்தில் 9 வைத்திருக்கிறீர்கள். பாதிதான் காப்பீடு, மீதிப் பாதிக்கு நீங்களே காப்பீட்டாளர். ஸ்பிண்டில் திடீரென்று ஷார்ட் ஆகி மாற்ற 2 லட்சம் ஆகிறது என்று வையுங்கள். 2 லட்சம் உங்கள் 9 லட்ச வரம்புக்கு உள்ளேதானே என்று நினைப்பீர்கள். கணக்கு அப்படிப் போகாது. நஷ்டத்தை 9ஆல் பெருக்கி 18ஆல் வகுப்பார்கள். 1 லட்சம். அதிலிருந்து எக்ஸஸ், அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு, கழியும். பாலிசியில் "ஆவரேஜ்" என்ற தலைப்பிலோ குறைகாப்பீடு பற்றிய நிபந்தனையிலோ இது இருக்கும். சில பாலிசிகளில் சிறிய வித்தியாசத்தை விட்டுக்கொடுப்பார்கள், ஆனால் பாதி என்பது எந்தச் சலுகைக்குள்ளும் அடங்காது.

அதே பாலிசியில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு பாகம் மட்டும் பழுதானால் பொதுவாகத் தேய்மானம் கழிக்காமல் புதுப் பாகத்தின் விலையைத் தருவார்கள், பழைய பாகத்தின் காயலான் மதிப்பை மட்டும் கழிப்பார்கள். ஆனால் மெஷினே முழுசாகப் போய்விட்டால், விபத்துக்கு முந்தைய நொடியில் அதன் மதிப்பு என்னவோ அதுதான், தேய்மானம் கழித்து. 18க்குப் பிரீமியம் கட்டியும் முழு நஷ்டத்தில் 18 கிடைக்காது. இந்த இடைவெளி அறிக்கையில் தனியாகத் தெரிய வேண்டும்.

லேத்ஷாப் | மார்ச் 5

பாலிசி என்றாலே ஏமாற்று வேலை, என் அனுபவத்தைக் கேளுங்கள். பட்டறையில் கை கிரைண்டர், டிரில், நல்ல வெர்னியர் செட் எல்லாம் போனது. பட்டப்பகலில், வேலை நடக்கும்போதே. போலீஸில் புகார் கொடுத்தேன், பில் எல்லாம் வைத்திருந்தேன். வந்து பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி "எந்தப் பூட்டு உடைந்தது?" எதுவும் உடையவில்லை. கிளெய்ம் இல்லை என்று கடிதம் வந்துவிட்டது. திருட்டுக்குத்தானே பிரீமியம் கட்டினேன்?

பழைய சர்வேயர் | மார்ச் 5, இரவு

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, இது நிறையப் பேருக்கு நடப்பதுதான். யூனிட்டுகளுக்கு விற்கப்படுவது பெரும்பாலும் பர்க்ளரி பாலிசி. உடைத்து உள்ளே வந்ததற்கு, அல்லது பலவந்தமாக வெளியேறியதற்குத் தடயம் வேண்டும். நெம்பிய கதவு, வளைந்த தாழ்ப்பாள், கழற்றிய ஓடு, அறுத்த கிரில். பகலில் எடுத்துக்கொண்டு போனதும், வேலை செய்பவரே எடுத்ததும், அசல் சாவியால் திறந்ததும் சாதாரணமாக இதற்குள் வராது. ஊழியர் கைவரிசைக்குத் தனி பாலிசி உண்டு. சிறு யூனிட்டில் அதை எடுப்பவர்கள் குறைவு, அதனால் அந்த நஷ்டம் நேராகக் கையிருப்பில்தான் விழும். அப்படி விழும் என்று அறிக்கையில் எழுதுவதில் தவறே இல்லை. "திருட்டுக்குக் காப்பீடு உண்டு" என்று மொத்தமாக எழுதுவதுதான் தவறு.

உடைத்து வந்திருந்தால் ஒன்று சொல்கிறேன். உடைந்த பூட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அன்று சாயங்காலமே புதுப் பூட்டு மாட்டிவிடுகிறார்கள். பூட்டைப் பையில் போட்டு வையுங்கள். கதவில் நெம்புகோல் பதிந்த பள்ளத்தை, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டாளர் அனுப்பும் சர்வேயர் வரும்போது அந்தப் பள்ளம்தான் பேசும்.

அச்சகத்தம்மா | மார்ச் 6

பலகைப்பட்டறை தம்பி, உங்களிடம் அடுத்தவர் சரக்கு இருக்கிறதா? எங்கள் அச்சகத்தில் வாடிக்கையாளர்கள் காகிதத்தை அவர்களே வாங்கி இறக்கிவிடுவார்கள். ஒரு தடவை தீயணைக்க அடித்த தண்ணீரில் நனைந்து போனது. எங்கள் காகிதத்துக்குப் பணம் வந்தது, அவர்களுடையதுக்கு வரவில்லை, ஏனென்றால் பாலிசியில் "சொந்தச் சரக்கு" என்று மட்டும்தான் இருந்தது. வாடிக்கையாளர் யாரிடம் கேட்பார்? என்னிடம்தான்.

பலகைப்பட்டறை | மார்ச் 6, இரவு

இருக்கிறது அக்கா. கூலிக்கு வெட்டக் கொடுத்த பலகை எப்போதும் 2, 3 லட்சம் மதிப்புக்குக் கிடக்கும். இதை நான் யோசிக்கவே இல்லை.

சர்வேயர் சார், ஒரு முழு விபத்தை என் எண்களை வைத்துப் போட்டுக் காட்ட முடியுமா? மாதச் செலவு, வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும், கூலி 1.6, வாடகை 0.5, கடன் தவணை 0.6, மற்றவை 0.3, ஆக 3 லட்சம். சொந்தச் சரக்கு சராசரி 8 லட்சம், அதற்குத்தான் தீ பாலிசி. ஆர்டர் குவியும் மாதங்களில் 14 வரை போகும்.

பழைய சர்வேயர் | மார்ச் 8

சரி, உங்கள் தொழிலில் எளிதில் நடக்கக்கூடியதையே எடுக்கிறேன். ராத்திரி தூசி உறிஞ்சியின் மோட்டார் வைண்டிங் ஷார்ட் ஆகிறது. பையில் மரத்தூள், பற்றிக்கொள்கிறது. பக்கத்து அடுக்கில் இருந்த உங்கள் பலகை 5 லட்சத்துக்கு எரிந்தது, கூலிக்கு வந்த பலகை 1.5 லட்சத்துக்கு. மோட்டார் 40 ஆயிரம். கட்டடமும் மற்ற மெஷின்களும் தப்பின, ஆனால் மின் இணைப்பைச் சரிசெய்து, தீயணைப்பு, மின்வாரியச் சோதனை முடிந்து மறுபடி ஓட ஒன்றரை மாதம். அன்று சொந்தச் சரக்கு இருப்பு 14 லட்சம்.

இப்போது இருக்கும் பாலிசிப்படி பார்ப்போம். சரக்குக்கு 5 கிடைக்காது. 8ஆல் பெருக்கி 14ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2 லட்சத்து 86 ஆயிரம். சராசரிக்குக் காப்பீடு செய்பவர்கள் எல்லோரும் விழும் குழி இது. விபத்து நடந்த அன்றைய இருப்பைத்தான் பார்ப்பார்கள், சராசரியை அல்ல. மோட்டார் தீ பாலிசியில் வராது. ஷார்ட் ஆன அந்தச் சாதனத்தையே சாதாரணமாக விலக்கியிருப்பார்கள், அதிலிருந்து பரவிய தீயால் வந்த சேதத்தைத் தருவார்கள். மோட்டாருக்கு மெஷின் பிரேக்டவுன் பாலிசிதான், அதில் தூசி உறிஞ்சியின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தவர் பலகைக்குப் பூஜ்யம். ஒன்றரை மாதச் செலவு 4.5 லட்சத்துக்கும் பூஜ்யம், ஏனென்றால் தீ பாலிசி பொருள் சேதத்துக்குத்தான், நின்றுபோன வியாபாரத்துக்கு அல்ல. அதற்குத் தனியாக லாப இழப்பு பாலிசி எடுக்க வேண்டும்.

கூட்டினால் நஷ்டம் 5, 1.5, 0.4, 4.5 ஆக 11.4 லட்சம். வருவது எக்ஸஸுக்கு முன் 2.86. உங்கள் 5 சதவீதம் இதில் எதை அடைக்கும் என்று நீங்களே பாருங்கள்.

பழைய சர்வேயர் | மார்ச் 8, சற்று நேரம் கழித்து

மேலே ஒன்றை விட்டுவிட்டேன், அது முக்கியம். சரக்கும் மெஷினும் கடனுக்கு ஈடாக இருந்தால் பாலிசியில் வங்கியின் பெயர் ஏறியிருக்கும். கிளெய்ம் பணம் உங்கள் கைக்கு வராது, கடன் கணக்குக்குப் போகும். 2.86 வந்தாலும் அதை வைத்துப் பலகை வாங்க வங்கி சம்மதிக்க வேண்டும்.

கணக்குமேசை | மார்ச் 9

சதவீதம் பற்றிச் சர்வேயர் சொன்னதை ஏற்கிறேன், இரண்டு தொகைகளும் வேறு வேறு என்பது சரி. ஆனால் 11 லட்சத்தை ஒரு சிறு யூனிட் சும்மா வங்கியில் போட்டு வைக்க முடியுமா? அந்தப் பணத்தில் பலகை வாங்கினால் லாபம் வருமே.

பழைய சர்வேயர் | மார்ச் 9, இரவு

11 வேண்டாம். அதற்காகத்தான் பாலிசியை முதலில் திருத்தச் சொன்னேன். சரக்கை 14க்கு உயர்த்துங்கள், அல்லது மாதாமாதம் இருப்பை அறிவிக்கும் வகைப் பாலிசி கிடைத்தால் அது. அடுத்தவர் பலகையைப் "பொறுப்பில் உள்ள சரக்கு" என்று தனி வரியாகச் சேருங்கள். தூசி உறிஞ்சியை மெஷின் பட்டியலில் ஏற்றுங்கள். இப்போது அதே விபத்தில் பொருள் நஷ்டம் 6.9 லட்சம் முழுக்கவும் பாலிசிக்குள் வந்துவிடுகிறது. எக்ஸஸ் 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 35 ஆயிரம் நம் பாக்கெட்டில்.

இனி இரண்டு குவியலாகப் பிரியுங்கள். திரும்பி வராத பணம்: எக்ஸஸ் 0.35, நின்ற காலத்துச் செலவு 4.5, ஆக 4.85 லட்சம். தாமதமாகத் திரும்பும் பணம்: ஏறக்குறைய 6.5 லட்சம், கிளெய்ம் முடியும் வரை. முதல் குவியலுக்கு ரொக்கம் வேண்டும், வேறு வழி இல்லை. இரண்டாவதற்குக் கடன் வரம்பு போதும். கிளெய்ம் பெரிது என்றால், பொறுப்பை ஒப்புக்கொண்ட பிறகு இடைக்காலத் தொகை கேட்டு எழுதலாம், சிலர் கேட்பதே இல்லை.

இதனால் 5 லட்சம் என்ற எண்ணுக்கு உங்கள் அதிகாரியிடம் பதில் சொல்ல முடியும். 3 லட்சத்தை ஒன்றரையால் பெருக்கி எக்ஸஸைக் கூட்டினேன் என்று.

அச்சகத்தம்மா | மார்ச் 10

இரண்டாவது குவியலை ஓவர்டிராஃப்டில் பார்த்துக்கொள்ளலாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை சார். வரம்பு 10 லட்சம் என்று காகிதத்தில் இருந்தாலும் எடுக்க விடுவது கையில் இருக்கும் சரக்கின் மதிப்பை வைத்துத்தானே? சரக்கு எரிந்த மாதம் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கொடுக்கிறோம், டிராயிங் பவர் இறங்கிவிடுகிறது. பணம் தேவைப்படும் மாதத்தில்தான் கதவு சாத்துகிறது. எங்களுக்கு அப்படித்தான் ஆனது. மேனேஜர் நல்ல மனிதர், தற்காலிக வரம்பு ஒன்று வாங்கிக் கொடுத்தார், ஆனால் அதற்குள் வாடிக்கையாளர் இருவர் போய்விட்டார்கள்.

கணக்குமேசை | மார்ச் 10

அம்மா சொல்வது முழுக்க உண்மை. ஈட்டில் உள்ள சரக்கு போனால் எடுக்கும் தொகையும் போகும். ஆனாலும் 6.5ஐயும் ரொக்கமாக வை என்றால் எந்தச் சிறு யூனிட்டும் தாங்காது. சரக்கோடு கட்டாத, சொத்தின் பேரில் உள்ள வரம்பாக இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

பழைய சர்வேயர் | மார்ச் 11

நல்ல இடத்தில் பிடித்தீர்கள் அம்மா. நான் இருக்கும் பக்கம் சேதத்தை அளப்பது, வங்கி வாசல் வரை போனதில்லை. விபத்துக்குப் பின் கிளெய்ம் தொகையைக் கணக்கில் எடுத்து வரம்பைப் பிடித்து வைப்பீர்களா என்று இப்போதே வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள் பலகைப்பட்டறை. விபத்து நடக்கும் முன் கேட்டால் நிதானமாகப் பதில் வரும்.

லேத்ஷாப் | மார்ச் 11

என் லேத்தின் ஹெட்ஸ்டாக் பேரிங் அடிக்கடி போகிறது. அதையும் இந்தக் கையிருப்பிலிருந்து எடுக்கலாமா?

பழைய சர்வேயர் | மார்ச் 12

கூடாது. அடிக்கடி போகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அப்புறம் அது விபத்து ஆகாது, பராமரிப்புச் செலவு. பாலிசியும் தேய்மானத்தைத் தராது. பலகைப்பட்டறைக்கும் இது பொருந்தும். ஸ்பிண்டில் பேரிங் சில மாதங்களாகச் சத்தம் போட்டு, சூடேறி, வெட்டின் விளிம்பு சொரசொரப்பாகி, ஒரு நாள் சிக்கிக்கொண்டால் அது தேய்மானம். சர்வேயர் பேரிங்கைக் கழற்றிப் பார்ப்பார். உருண்டை ஓடும் தடத்தில் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தால், கிரீஸ் கறுத்துக் காய்ந்திருந்தால், அது ஒரே நாளில் வந்ததல்ல என்று தெரிந்துவிடும். நேற்று வரை சரியாக ஓடி, குளிர்விக்கும் தண்ணீர் பம்ப் நின்றதால் ஒரே மணி நேரத்தில் வைண்டிங் கருகியிருந்தால் கதை வேறு. கிரீஸ் வைத்த தேதி, சத்தம் கேட்டபோது என்ன செய்தீர்கள், இதெல்லாம் ஒரு நோட்டில் இருந்தால் உங்கள் வாதத்துக்குக் கால் இருக்கும். பழுதான பாகத்தை அவர் பார்க்கும் முன் மெக்கானிக்கிடம் கொடுத்து அனுப்பாதீர்கள். ரவுட்டர் பிட், பிளேடு, பெல்ட் எதுவும் தனியாகக் கிளெய்மில் வராது.

ஆக, தெரிந்தே தேய்பவைக்கு மாதாமாதம் பராமரிப்புத் தலைப்பில் ஒதுக்குங்கள். கையிருப்பில் கை வைத்தால் தீ வரும் நாளில் அது பாதியாக இருக்கும்.

பலகைப்பட்டறை | மார்ச் 15

எழுதிவிட்டேன். பார்த்துச் சொல்லுங்கள்.

"சரக்கு உச்ச இருப்பான 14 லட்சத்துக்கும், வாடிக்கையாளர் சரக்கு 3 லட்சத்துக்கும் தீ மற்றும் பர்க்ளரி பாலிசி. மெஷின்கள் புது மெஷின் விலைக்குக் காப்பீடு. சிஎன்சி ரவுட்டர் 18 லட்சம். ரவுட்டர் முழு நஷ்டமானால் தேய்மானம் கழித்தே தொகை வரும், இடைவெளி உரிமையாளர் பொறுப்பு. ஊழியர் திருட்டு, உடைப்புத் தடயமில்லாத திருட்டு காப்பீட்டில் இல்லை. அவசர கையிருப்பு 5 லட்சம், ஒன்றரை மாத நிலைச் செலவும் எக்ஸஸும் சேர்ந்தது. தனிக் கணக்கில் வைப்பு. எடுத்தால் அடுத்த 6 மாதத்தில் நிரப்பப்படும், அதுவரை உரிமையாளர் லாபம் எடுக்க மாட்டார். சரக்குப் பதிவேட்டின் நகல் வாரம் ஒருமுறை வளாகத்துக்கு வெளியே சேமிக்கப்படும்."

பழைய சர்வேயர் | மார்ச் 15, இரவு

நன்றாக இருக்கிறது. கடைசி வரி என்னை மகிழ்வித்தது, ஏனென்றால் சரக்குப் பதிவேடும் சரக்கோடு எரிந்துபோய், எவ்வளவு இருந்தது என்றே நிரூபிக்க முடியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும் சேருங்கள். யூனிட் தொடர்ந்து மூடிக்கிடந்தால் என்ன செய்வீர்கள் என்று. பல தீ பாலிசிகளில் 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் பூட்டிக்கிடந்தால் முன்கூட்டியே தெரிவித்து ஒப்புதல் வாங்க வேண்டும், பர்க்ளரியில் நாட்கள் இன்னும் குறைவாக இருக்கலாம். உங்கள் பாலிசியில் எத்தனை நாள் என்று பார்த்து அந்த எண்ணையே எழுதுங்கள். விபத்துக்குப் பின் தொகை குறைந்திருக்கும் என்பதையும் கவனியுங்கள், மீதிக் காலத்துக்குப் பிரீமியம் கட்டி மறுபடி 14க்கு ஏற்ற வேண்டியிருக்கும்.

கணக்குமேசை | மார்ச் 16

லாப இழப்பு பாலிசி எடுத்தால் அந்த 4.5ம் கையிருப்பிலிருந்து போய்விடுமே, 5 லட்சத்தை 1 லட்சமாகக் குறைக்கலாம்.

பழைய சர்வேயர் | மார்ச் 16

அவ்வளவு குறைக்க மாட்டேன். அதிலும் ஆரம்பச் சில நாட்கள் கழியும், பணமும் கணக்கு வழக்கு சரிபார்த்த பிறகுதான் வரும், கூலியோ மாதக் கடைசியில் கொடுக்க வேண்டும். 4.5 என்பது முதல் குவியலிலிருந்து இரண்டாவதுக்கு நகரும், மறையாது. இவருடைய கணக்குப் புத்தகங்கள் அந்த பாலிசிக்கு ஏற்ற அளவுக்குச் சுத்தமாக இருக்கின்றனவா என்பதும் கேள்வி.

பலகைப்பட்டறை | மார்ச் 21

இன்றைய நிலவரம். காப்பீட்டாளர் வாடிக்கையாளர் சரக்கைச் சேர்க்க ஒப்புக்கொண்டார், ஆனால் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் கையெழுத்திட்ட சீட்டு ஒவ்வொன்றுக்கும் இருக்க வேண்டும் என்கிறார். இதுவரை வாய்க்கணக்குதான், இன்று சீட்டுப் புத்தகம் அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன். ரவுட்டரை 18க்கு ஏற்றியதில் பிரீமியம் கூடியது, எதிர்பார்த்த அளவுதான். லாப இழப்பு பாலிசிக்கு விலை கேட்டிருக்கிறேன், இன்னும் முடிவு செய்யவில்லை. டிராயிங் பவர் பற்றி வங்கிக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வந்ததும் இங்கே போடுகிறேன். அச்சகத்தம்மா அக்கா, உங்களுக்குத் தற்காலிக வரம்பு கொடுத்தபோது என்ன காகிதம் கேட்டார்கள் என்று நினைவிருந்தால் சொல்லுங்கள்.

அச்சகத்தம்மா | மார்ச் 22

சர்வேயரின் முதற்கட்ட அறிக்கை நகல், கிளெய்ம் எண் போட்ட கடிதம், கையில் இருந்த ஆர்டர்களின் பட்டியல். மூன்றாவதைத்தான் மேனேஜர் அதிக நேரம் பார்த்தார்.